பரீட்சை வாரங்களில் நான் கொடுத்த வெல்லத் தண்ணீர்

சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு வெல்ல ஆலையில் எனக்குக் கொப்பரை வேலை. கரும்புச் சாறு கொதித்துப் பாகாகும்வரை நீளத் துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கை எரிகிற சூட்டில் மூன்று மணி நேரம் நின்றால் கை மரத்துப்போகும். அப்போது ஒரு சொம்பு சாறு குடிப்போம், இல்லாவிட்டால் சூடு ஆறாத வெல்லத்தில் ஒரு கட்டி எடுத்து வாயில் போட்டுக்கொள்வோம். சற்று நேரத்தில் உடம்பு நிமிர்ந்துவிடும். இருபது வருடத்துக்கு மேல் இப்படித்தான் போகிறது. உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். அசதி வந்தால் இனிப்பு.

நான் ஐந்தாவது வரை படித்தவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் அதோடு நின்றுவிட்டேன். என் மகள் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி ஒரு ஜூனியர் காலேஜில் இன்டர் இரண்டாம் வருடம், அதாவது பன்னிரண்டாவது, படித்தாள். பாட்டனி, ஜுவாலஜி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. அவளுக்கு விவசாயக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஆசை. அதிலும் திருப்பதியில் இருக்கிற கல்லூரியே வேண்டும். இன்டர் மார்க்கையும் பிறகு எழுதுகிற நுழைவுத் தேர்வு மார்க்கையும் சேர்த்து ரேங்க் போடுவார்கள், ரேங்கில் கொஞ்சம் இறங்கினாலும் கடலோர மாவட்டங்களுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். திருப்பதி கிடைத்தால் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவாள். கிடைக்காவிட்டால் பண்டிகைக்குப் பண்டிகைதான்.

இந்தப் பக்கம் அப்போது நானும் மகளும்தான். என் மனைவி குவைத்துக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. அங்கே ஒரு வீட்டில் சமையலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், அப்போது போன் செய்வாள். மகளுக்கு எது பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். நான் மகளோடு அதிகம் பேசினவன் இல்லை. வெறுப்பு ஒன்றும் கிடையாது. யாரிடமும் என்னால் பேச முடியாது. சர்ச்சிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஜெபம் முடிந்ததும் முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

பரீட்சைக்கு முன்னால் ஹாஸ்டல் சாப்பாட்டில் அவளுக்கு வயிறு கெட்டுப்போனது. அதனால் மூன்று வாரத்துக்கு ஒரு ரூம் எடுத்து நானே சமைத்துப் போடலாம் என்று முடிவு செய்தோம். திருப்பதியிலேயே, அலிபிரிக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே ஒரு சந்தில், எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அம்மாவின் வீட்டு மாடியில் ரூம் கிடைத்தது. அந்த அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிடுவார்கள்.

ஆலையில் லீவு சொன்னபோது முதலாளி நல்ல வெல்லமாகப் பார்த்து இரண்டு கிலோ கொடுத்தார். அதே வாரம் குவைத்திலிருந்து திரும்பி வந்த ஒரு பெண்ணிடம் மனைவி ஒரு பை கொடுத்து அனுப்பியிருந்தாள். அதில் சாக்லேட் டப்பா ஒன்று, தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற ஆரஞ்சுப் பொடி இரண்டு, பேரீச்சம்பழப் பாக்கெட் ஒன்று. போனில், “படிக்கிற புள்ள, மூளைக்கு சக்தி வேணும், தினமும் குடு” என்றாள். அலமாரியில் அதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்குத் தைரியமாக இருந்தது. இனி என் மகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்தேன்.

விடிவதற்கு முன்னால் எழுந்து வெல்லத்தைத் தட்டித் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சுக்கும் எலுமிச்சையும் போட்டு வைப்பேன். அவள் படிக்க உட்காரும்போது ஒரு டம்ளர். பதினோரு மணிக்கு ஆரஞ்சுத் தண்ணீர். மத்தியானம் சோறு, சாப்பிட்டதும் ஒரு சாக்லேட். சாயங்காலம் சர்க்கரை தூக்கலாக டீ, கூட க்ரீம் பிஸ்கட். எல்லாவற்றையும் அவள் வாங்கிக் குடித்தாள், தின்றாள். வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அவள் புத்தகத்தின்மேல் தலை சாய்வதைப் பார்த்தேன். மத்தியானம் மட்டும் இல்லை, காலையிலும் அப்படித்தான். குடித்த கொஞ்ச நேரம் சுறுசுறுப்பாக இருப்பாள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் கொட்டாவி வரும். படித்த வரியையே திரும்பப் படிப்பாள். கேட்டால் எரிச்சலோடு பதில் வரும். பாவம், களைத்துப்போயிருக்கிறாள் என்று இன்னொரு டம்ளர் கலக்கிக் கொடுப்பேன்.

பரீட்சை காலை ஒன்பது மணிக்கு. தெலுங்கு, இங்கிலீஷ் இரண்டும் ஒரு மாதிரியாகப் போய்விட்டன. மூன்றாவது பாட்டனி. அன்றைக்குப் பதற்றத்தில் இட்லி வேண்டாம் என்று தட்டைத் தள்ளினாள். வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று நான் பெரிய டம்ளரில் வெல்லத் தண்ணீரைக் கெட்டியாகக் கலக்கிக் கொடுத்தேன்.

“இதயாச்சும் குடிச்சிட்டுப் போ. தெம்பா எழுதுவ.”

டம்ளரை ஒரு முறை பார்த்தாள். என்னையும் பார்த்தாள். மடமடவென்று குடித்துவிட்டு, “வரேன் நைனா” என்று ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டாள். சென்டர் வரைக்கும் கூடவே நடந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தவர்களில் அவள் கடைசியாக வந்தாள். வரும்போதே முகம் சரியில்லை. வீட்டுக்கு வந்ததும் மாடி ஏறாமல் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிஸ்டர் உள்ளேயிருந்து வந்து அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்.

“இன்னாடீ, கை இப்படி ஜில்லுனு கீது? எப்படி எழுதின?”

“தூக்கம் வந்துட்ச்சு ஆண்ட்டி. பத்து, பத்தரைக்கெல்லாம் கண்ணு சொக்குது. கை நடுங்குது. எழுத்து எல்லாம் கோணலா போவுது. மேடம் வந்து தோள்ல தட்டினாங்க. அப்புறம் எழுதினேன். டைம் பத்தல. எட்டு மார்க் கேள்வி ஒண்ணு விட்டுட்டேன். சின்னது ரெண்டு மூணு.”

“காலைல இன்னா துன்ன?”

அவளுக்கு முன்னால் நானே சொன்னேன். மறைக்க எனக்கு என்ன இருந்தது? நல்லது செய்தவன் போலத்தான் சொன்னேன். வெல்லம், சுக்கு, எலுமிச்சை, எங்கள் ஆலை வெல்லம், கலப்படம் இல்லாதது. தினமும் கொடுக்கிற மற்றவற்றையும் சொன்னேன்.

சிஸ்டர் கேட்டு முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“ஏம்ப்பா, நீ கொப்பரை கிளறறவன். நீ வெல்லம் துன்னா அது உன் கையிலயும் தோள்லயும் எரிஞ்சிபோவும். இவ பெஞ்சுல உக்காந்துக்கினு கீறவ. வெறும் வயித்துல அவ்ளோ வெல்லத் தண்ணி போச்சுன்னா ரத்தத்துல சக்கரை சட்டுனு ஏறும். ஏறினத எறக்க உடம்பு வேல செய்யும். சில பேருக்கு அது வேணுங்கறதுக்கு மேல எறங்கிடும். அப்போதான் தூக்கம், நடுக்கம், பசி. அதோட ராத்திரி தூக்கமும் பத்தல புள்ளைக்கு. நீ மறுபடி இனிப்பு குடுக்கற. மறுபடி ஏறுது, எறங்குது. நாளெல்லாம் ஊஞ்சல் ஆட்டிக்கினு கீற நீ.”

எனக்கு அது பாதிதான் புரிந்தது. பெரிய டம்ளர் மட்டும் கண்முன் நின்றது.

“எனக்குத் தெரியும் ஆண்ட்டி” என்றாள் மகள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஜுவாலஜில அது ஒரு பாடமே கீது. இன்சுலின். நான் படம் போட்டு எழுதுவேன்.”

“தெரிஞ்சிக்கினேவா குடிச்ச?”

“நைனா விடியறதுக்கு முன்னாடி எழுந்து வெல்லம் தட்டுது. சத்தம் கேக்குது. எப்படி வேணாம்னு சொல்றது?”

நான் மாடிக்குப் போய் அடுப்படியில் நின்றேன். வெல்லம் தட்டுகிற சின்னக் கல் அங்கேயே இருந்தது. மெதுவாகத்தான் தட்டுகிறேன், அவள் தூங்குகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நான் எப்போதாவது உட்கார்ந்து, இது உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. சொல்கிற பழக்கம் அவளுக்கும் இல்லை. அந்த விஷயத்தில் அவள் என் மகள்தான்.

அன்று சாயங்காலம் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு என்ன வாங்குவது என்று சொன்னார். பெரிதாக ஒன்றும் இல்லை. வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, முட்டை, தயிர், கொய்யா. சர்க்கரையே விஷம் என்று அவர் சொல்லவில்லை. “சோத்துலயும் அதான் கீது. ஆனா ரத்தத்துல மெதுவா ஏறறத குடு. பருப்பு, முட்டை, கொட்டை கூட சேந்தா மெதுவா ஏறும்” என்றார். வாழைப்பழம் கொடுத்தால் கூட ஒரு பிடி வேர்க்கடலையும் கொடுக்கச் சொன்னார். மத்தியானம் சோற்றைக் குறைத்துக் காயும் பருப்பும் கூட்ட வேண்டும். வயிறு முட்டத் தின்றால் எதைத் தின்றாலும் தூக்கம்தான். டீ காலையில் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, சர்க்கரை அரை ஸ்பூன். அதற்குப் பிறகு டீ கிடையாது, ராத்திரித் தூக்கம் கெடும். மற்ற நேரத்தில் தண்ணீர், உப்புப் போட்ட மோர்.

“வெயிலு காலம். தண்ணி பத்தலன்னாலும் தலை கிர்ருனு ஆவும். புள்ளைங்க அதயும் தூக்கம்னு நெனச்சிக்கும். இன்னொண்ணு, பரீட்சை அன்னிக்குப் புதுசா எதயும் குடுக்காத. லீவு நாள்ல குடுத்துப் பாரு.”

அந்தக் கடைசிப் பேச்சு நல்லதாயிற்று. மறுநாள் பரீட்சை இல்லை. நான் கொண்டைக்கடலைச் சுண்டலை ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கொடுத்துவிட்டேன். எதைக் கொடுத்தாலும் அளவு தெரியாத கை எனக்கு. ஒரு மணி நேரம் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நைனா, தூக்கம் வரல. ஆனா இதத் துன்னுட்டு ஹாலுக்குப் போனா என் வயிறே பதில் சொல்லும். எல்லாரும் காப்பி அடிச்சுடுவாங்க.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த ரூமில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான். சுண்டலைச் சாயங்காலத்துக்குத் தள்ளினோம், ஒரு பிடி மட்டும். காலைக்கு என்ன வேண்டும் என்று அப்போது அவளிடம் கேட்டேன். அவள் உடனே சொன்னாள். “பெசரட்டு. ஒண்ணு போதும். மேல முட்ட ஊத்து. ரொம்பக் காரம் வேணாம்.” கேட்பதற்காகவே காத்துக்கொண்டிருந்தவள் போல.

பெசரட்டுக்குப் பச்சைப்பயறை முந்தின இரவு ஊறவைத்து, சிஸ்டரின் மிக்ஸியில் அரைத்து, காலை ஏழரைக்குத் தோசையாகச் சுட்டுத் தருவேன். என் முதல் தோசை நான்காகக் கிழிந்தது. படிக்கும்போது பதினோரு மணிக்கு அவித்த வேர்க்கடலை, மோர். சாயங்காலம் ஒரு கொய்யா. பரீட்சை நாளில் ஒரு பாட்டில் தண்ணீர். ஜுவாலஜி எழுதிவிட்டு வந்து, “முழுசும் எழுதிட்டேன்” என்றாள். இன்சுலின் கேள்வி வந்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இரண்டும் நன்றாகப் போயின. கொட்டாவியே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். மார்ச் மாத வெயிலில் மத்தியானம் யாருக்கும் கண் சொக்கும். கால் மணி நேரம் படுத்து எழுந்து, முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

இடையில் ஒரு வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து போன் வந்தது. மகள் பக்கத்தில்தான் இருந்தாள்.

“சாக்லேட்டு துன்றாளா? ஆயிடுச்சா?”

“ம். துன்றா.”

“நல்லா துன்னட்டும். எனக்கு இங்க குடுத்தாங்க, நான் துன்னாம வெச்சிருந்தேன். இன்னும் ஒரு டப்பா சேக்கறேன்.”

மகள் போனை வாங்கி, “நல்லா கீதும்மா, ரொம்ப நல்லா கீது” என்றாள். சாக்லேட் டப்பா அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. மாடி ரூம் சூட்டில் மிச்சமெல்லாம் உருகி, தாளோடு ஒட்டி, ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. போன் வைத்த பிறகு டப்பாவை இறக்கிப் பார்த்தேன். அடியில், மனைவி கையெழுத்தில் மகளின் பெயர் எழுதிய சின்ன அட்டை ஒன்றும் சாக்லேட்டில் ஒட்டிக்கிடந்தது. அவள் அங்கே யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு நேரத்துக்கு நேரம் பார்த்து ஊட்டுகிறாள். தன் பிள்ளைக்கு அனுப்ப முடிந்தது இவ்வளவுதான். எனக்குக் கிடைத்ததும் வெல்லம்தான். நாங்கள் இரண்டு பேரும் இருந்ததைத்தான் கொடுத்தோம். அது பிள்ளைக்கு ஆகுமா என்று பார்க்கத்தான் யாரும் இல்லை.

ரிசல்ட் வந்தது. மற்ற மூன்றிலும் நல்ல மார்க். பாட்டனியில் மட்டும் இறங்கியிருந்தது. நுழைவுத் தேர்வு சுமாராக எழுதினாள். ரேங்க் வந்து, கவுன்சிலிங் முடிந்தபோது திருப்பதியில் இடம் இல்லை. கொஞ்சத்தில்தான் போயிற்று என்று நெட் சென்டரில் கம்ப்யூட்டர் பார்த்த பையன் சொன்னான். கடலோர மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் கிடைத்தது. சித்தூரிலிருந்து ஒரு நாள் பயணம்.

“பாட்டனி மார்க்கு வந்திருந்தா திருப்பதி வந்திருக்குமா?” என்று அவளிடம் கேட்டேன்.

“தெரியாது நைனா. நுழைவுத் தேர்வுலயும்தான் தப்பு போட்டேன். அத வெச்சிக்கினு யோசிக்காத.”

அவள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரால் மட்டும் ஒரு இடம் போய்விடாது என்று சிஸ்டரும் சொன்னார். நானும் அதைப் பல முறை எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த எட்டு மார்க் கேள்வி அவளுக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. பாட்டனி எழுதிய அன்று இரவே புத்தகம் பார்க்காமல் முழுப் பதிலையும் அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன்.

கல்லூரியில் சேர்க்க நான்தான் கூடப் போனேன். பஸ், பிறகு ரயில், மறுபடி பஸ். ஹாஸ்டலில் அவளுக்குக் கட்டில் காட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே நெல் வயல். எங்கள் பக்கத்தில் அவ்வளவு தண்ணீர் நான் பார்த்ததில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே வந்தபோது, மெஸ் வாசலில் வார்டன் அம்மா நின்றுகொண்டிருந்தார். மற்ற பெற்றோர்கள் அவரைச் சுற்றி நின்று ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தூரத்தில் நின்றேன். எல்லோரும் போகும்வரை நின்றேன்.

பிறகு போய்த் தெலுங்கில் கேட்டேன். பரீட்சை நாட்களில் இங்கே பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று. வார்டன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். டீயும் பிஸ்கட்டும், கேட்டால் காபியும் என்றார்.

“மேடம், காலைல முட்டை கெடைக்குமா? இல்லன்னா பெசரட்டு? எம் பொண்ணுக்கு வெறும் இனிப்பு ஒத்துக்காது. ஒரு மணி நேரத்துல சோர்ந்துடுவா. வேர்க்கடலை நான் மாசா மாசம் அனுப்பறேன். அவிச்சு மட்டும் குடுங்க. மோர் இருந்தா போதும்.”

என் வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. காது சுட்டது. வார்டன் அம்மா, முட்டை வாரத்தில் மூன்று நாள் உண்டு, மற்றதைச் சமையல்காரரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். செய்வாரோ மாட்டாரோ, முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பினால் மகள் தூணுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். புதுப் பிள்ளைகள் முன்னால் வெட்கமாக இருந்திருக்கும். ஆனாலும் கேட் வரைக்கும் கூட வந்தாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீ கெளம்பு நைனா. வழில எதனா வாங்கித் துன்னு. காலைலேர்ந்து நீ ஒண்ணும் துன்னல.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பாத்துக்கினுதான் இருந்தேன்.”

பஸ் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அவள் கேட்டுக்கு உள்ளே நின்று கை காட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்தப் பரீட்சை வாரங்களில் ஒரே ரூமில் இருந்தபோது இவ்வளவு பேசியிருந்தால் போதுமே என்று நினைத்தேன். பஸ் நகர்ந்தது. சித்தூர் வீட்டுச் சாவி சட்டைப் பையில் இருந்தது. இனிமேல் அந்த ஒரு சாவி போதும், மகளிடம் இருக்கிற இன்னொரு சாவிக்குப் பண்டிகைக்குப் பண்டிகைதான் வேலை.